ஸ்பான்சருக்குக் காட்டும் சமூக ஊடகக் கணக்கு: கிளப்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளப்பின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் பருவ முடிவில் ஸ்பான்சருக்கு அறிக்கை எழுத உட்காரும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் முழுவதிலும் ஒரே உதாரணம் வரும்: மூன்று மாதப் பருவம் ஆடிய ஒரு சிறிய கால்பந்து கிளப். அதன் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் போட்டவை. உங்கள் கிளப் எட்ட வேண்டிய அளவு என்று அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஃபாலோயர் எவ்வளவு கூடியது என்று சொன்னால் போதாதா? அதுதானே வளர்ச்சி?

கிளப்புக்கு அது வளர்ச்சிதான். ஆனால் ஸ்பான்சர் நிறுவனத்தில் உங்கள் அறிக்கையைப் படிப்பவருக்கு வேறு கவலை இருக்கிறது. தங்கள் பெயர் எத்தனை பேர் கண்ணில் பட்டது, அவர்கள் தங்களிடம் வாங்கக்கூடியவர்களா, இந்த எண்ணைத் தன் மேலதிகாரி கேள்வி கேட்டால் தன்னால் பதில் சொல்ல முடியுமா என்பதை அவர் பார்ப்பார். ஃபாலோயர் எண்ணிக்கை இந்த மூன்றில் எதற்கும் நேராகப் பதில் சொல்வதில்லை.

அதற்காக அதை விட்டுவிட வேண்டாம், பிரித்துக் காட்டுங்கள். நம் உதாரணக் கிளப் 4,200 ஃபாலோயர்களோடு பருவத்தைத் தொடங்கியது. 910 பேர் புதிதாக வந்தார்கள், 260 பேர் விலகினார்கள், முடிவில் 4,850. நிகர வளர்ச்சி 650, அதாவது 15.5 சதவீதம். வந்தவர்களை மட்டும் சொல்லி விலகினவர்களை மறைத்தால், தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கழித்துப் பார்க்கும் முதல் ஆளே கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு அறிக்கையில் இருக்கும் மற்ற எண்களையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

ரீச், இம்ப்ரஷன், வியூஸ் எல்லாம் ஒன்றுதானே? எதைப் போடுவது?

ரீச் என்பது பதிவைப் பார்த்த கணக்குகளின் எண்ணிக்கை. ஒரே கணக்கு ஐந்து முறை பார்த்தாலும் ஒன்றுதான். இம்ப்ரஷன், வியூஸ் இரண்டும் எத்தனை முறை திரையில் வந்தது அல்லது ஓடியது என்பதைச் சொல்பவை. ஐந்து முறை பார்த்தால் ஐந்து. ஆகவே ரீச்சைவிட வியூஸ் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். பெரிதாக இருப்பதாலேயே பலர் அதை எடுத்து "இத்தனை பேர் பார்த்தார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். அறிக்கைகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

இரண்டையும் போடலாம். ரீச்சுக்குப் பக்கத்தில் "கணக்குகள்" என்றும், வியூஸுக்குப் பக்கத்தில் "தடவைகள்" என்றும் எழுதிவிட்டால் குழப்பம் வராது. ரீச்சைக்கூட "பேர்" என்று எழுதாமல் "கணக்குகள்" என்று எழுதுவது நல்லது. ஒருவரே இரண்டு கணக்கு வைத்திருந்தால் தளம் அவரை இரண்டாகத்தான் எண்ணும்.

எண்களை எப்போது எடுத்து வைக்க வேண்டும்? பருவம் முடிந்ததும் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாமா?

முடிவில் எடுத்தால் பாதி கிடைக்காது. பதிவுகளின் எண்களைக் காட்டும் இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸ் தனிப்பட்ட கணக்குக்கு வராது, தொழில்முறைக் கணக்காக மாற்றியிருக்க வேண்டும். மாற்றிய நாளுக்கு முந்தைய பதிவுகளின் விவரத்தை நம்பியிருக்க முடியாது. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அதன் எண்ணை மறுநாளே குறித்துவிடுங்கள். ஒப்பந்தம் தொடங்கும் நாளில் ஃபாலோயர் எண்ணிக்கை, ஃபாலோயர்கள் இருக்கும் ஊர்கள், வயது ஆகியவை தெரியும் திரைகளைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தத் தொடக்கப் புள்ளி இல்லாவிட்டால் வளர்ச்சியை எதோடும் ஒப்பிட முடியாது.

பதிவுகளுக்கு ஒரே வயதில் எண் எடுப்பது முக்கியம். முதல் மாதம் போட்ட படம் மூன்று மாதமாகப் பார்வைகளைச் சேர்த்திருக்கும். கடைசி வாரம் போட்டதற்கு ஐந்து நாள்தான் கிடைத்திருக்கும். இரண்டையும் ஒரே நாளில் எடுத்து ஒப்பிட்டால் கடைசிப் பதிவுகள் தோற்றுப்போனதுபோல் தெரியும். ஒவ்வொரு பதிவுக்கும் அது வெளியான ஏழாம் நாளில் எண்ணைக் குறிப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பதிவின் தேதி, இணைப்பு, ஏழாம் நாள் ரீச், வியூஸ், லைக், கமெண்ட், ஷேர், சேவ் என்று ஒரு எக்செல் தாளில் வரிசையாக எழுதி வந்தாலே அறிக்கைக்கு வேண்டிய மூலம் தயார்.

ஸ்பான்சர் பதிவு ஏழு போட்டோம். ஏழின் ரீச்சையும் கூட்டி "மொத்த ரீச்" என்று போடலாமா?

கூடாது. உங்கள் பதிவுகளைப் பெரும்பாலும் அதே ஆட்கள்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். முதல் பதிவைப் பார்த்த 1,800 கணக்குகளில் பெரும்பகுதி இரண்டாவதையும் பார்த்திருக்கும். கூட்டினால் ஒரே கணக்கை ஏழு முறை எண்ணியதாகிவிடும். மாத ரீச்சை மாத ரீச்சோடு கூட்டுவதிலும், இன்ஸ்டாகிராம் ரீச்சை ஃபேஸ்புக் ரீச்சோடு கூட்டுவதிலும் இதே கோளாறு உண்டு. இரண்டு தளங்களிலும் இருக்கும் ஆளைக் கழித்துக் காட்ட உங்களிடம் வழி இல்லை.

வியூஸைக் கூட்டலாம், ஏனென்றால் அது தடவைகளின் எண்ணிக்கை. ரீச்சுக்கு, குறிப்பிட்ட காலத்தில் கணக்கு முழுவதற்கும் தளமே தரும் எண்ணை எடுங்கள், அதில் ஒரே கணக்கு ஒருமுறைதான் எண்ணப்பட்டிருக்கும். ஸ்பான்சர் பதிவுகளுக்கு மட்டும் வேண்டுமென்றால், கூட்டாமல், ஒரு பதிவு வழக்கமாக எத்தனை கணக்குகளை எட்டியது என்று சொல்லுங்கள். அந்த வழக்கமான எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது வைரல் வீடியோ பற்றிய கேள்வியில் வருகிறது.

எங்கேஜ்மென்ட் ரேட் ஒவ்வொரு கணிப்பானிலும் வேறுவேறாக வருகிறது. எது சரி?

எல்லாமே சரியாக இருக்கலாம், பதிவுக்கு வந்த லைக், கமெண்ட் போன்ற செயல்களை வகுக்கும் எண் வேறாக இருப்பதால்தான் விடை வேறாகிறது. நம் கிளப்பின் ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். ரீச் 1,800. லைக், கமெண்ட், ஷேர், சேவ் எல்லாம் சேர்த்து 126. ரீச்சால் வகுத்தால் 7 சதவீதம். 4,850 ஃபாலோயர்களால் வகுத்தால் 2.6 சதவீதம். பதிவு ஒன்றே, செயல்களும் அவையே.

ரீச்சால் வகுப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். பதிவைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் ஏதாவது செய்தார்கள் என்பது அதில் தெரியும். ஃபாலோயரால் வகுத்தால், பதிவையே காணாதவர்களும் கணக்கில் வந்துவிடுகிறார்கள். ஆனால் ஸ்பான்சர் வேறு கிளப்புகளோடு ஒப்பிட விரும்பினால் ஃபாலோயர் கணக்குதான் உதவும், ஏனென்றால் மற்றவர்களின் ரீச் வெளியில் தெரியாது. எதை எடுத்தாலும் சூத்திரத்தை எண்ணுக்குக் கீழேயே எழுதிவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். சென்ற பருவம் ஒன்றால் வகுத்து இந்தப் பருவம் இன்னொன்றால் வகுத்தால், ஒன்றுமே நடக்காமல் எண் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும்.

ஒரு வீடியோ மட்டும் வைரல் ஆகிவிட்டது. சராசரியே தலைகீழாகிவிட்டது. என்ன செய்வது?

நம் கிளப்பின் ஏழு ஸ்பான்சர் பதிவுகளின் ரீச் இப்படி இருந்தது: 1,300, 1,500, 1,700, 1,800, 2,000, 2,200, பிறகு ஒரு கோல் வீடியோ 61,000. கூட்டி ஏழால் வகுத்தால் 10,214 வருகிறது. அந்த ஏழில் ஒன்றுகூட பத்தாயிரத்தை ஒட்டி இல்லை. அந்த எண்ணை நம்பி ஸ்பான்சர் அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போட்டால் ஏமாற்றம் நிச்சயம், அந்தப் பழி உங்கள் மேல்தான் விழும். ஏழையும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுங்கள்: 1,800. இதுதான் இடைநிலை. "ஸ்பான்சர் பதிவு ஒன்று வழக்கமாக ஏறத்தாழ 1,800 கணக்குகளை எட்டுகிறது. ஒரு வீடியோ மட்டும் 61,000-ஐ எட்டியது" என்று எழுதினால் சாதனையும் மறைவதில்லை, எதிர்பார்ப்பும் ஊதிப்போவதில்லை.

இதைவிட ஆழமான ஒரு விஷயம் வைரல் வீடியோவுக்குள் இருக்கிறது, பெரும்பாலோர் அதைப் பார்ப்பதில்லை. அந்த வீடியோவால் வந்த ஃபாலோயர்கள் எந்த ஊர்க்காரர்கள்? பருவத் தொடக்கத்தில் நம் கிளப்பின் 4,200 ஃபாலோயர்களில் 70 சதவீதம் சொந்த நகரத்தில் இருந்தார்கள், அதாவது 2,940 பேர். முடிவில் 4,850 பேரில் அந்தப் பங்கு 62 சதவீதமாக இறங்கியது, அதாவது 3,007 பேர். மொத்தத்தில் 650 கூடியிருக்க, உள்ளூரில் கூடியது 67 மட்டும். ஸ்பான்சர் நாடு முழுவதும் விற்பவர் என்றால் 15.5 சதவீத வளர்ச்சி அவருக்குப் பொருள் உள்ளது. அந்த ஒரு நகரத்தில் மட்டும் கிளை வைத்திருப்பவர் என்றால் அவருக்கான வளர்ச்சி 2.3 சதவீதம்தான்.

இதை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். ஊர் விவரம் தளத்தின் மதிப்பீடு என்பதால் சதவீதத்தை முழு எண்ணாகவும், ஆட்களை "ஏறத்தாழ" என்றும் குறியுங்கள். அடுத்த பருவத்தில் உள்ளூர் பள்ளிகள், ரசிகர் குழுக்கள் பக்கம் கவனம் திருப்ப வேண்டும் என்ற முடிவும் இந்த எண்ணிலிருந்துதான் பிறக்கும்.

ஜெர்சியிலேயே லோகோ இருக்கிறது. அப்படியானால் எங்கள் எல்லாப் பதிவும் ஸ்பான்சர் பதிவுதானே?

லோகோ படத்தில் இருப்பதும் பார்ப்பவர் கண்ணில் படுவதும் ஒன்றல்ல. பதிவுகளை மூன்றாகப் பிரியுங்கள். ஸ்பான்சரின் பெயர் எழுத்தில் வந்தவை அல்லது அவர் கணக்கு டேக் செய்யப்பட்டவை முதல் வகை. பெயர் சொல்லப்படாமல் லோகோ தெளிவாகத் தெரிபவை இரண்டாம் வகை. லோகோ மங்கியோ, மறைந்தோ, மிகச் சிறிதாகவோ இருப்பவை மூன்றாம் வகை. இவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே தயக்கம் வந்தால், படத்தைப் போனில் வழக்கமான அளவில் திறந்து, கிளப்போடு தொடர்பில்லாத ஒருவரிடம் ஒரு கணம் காட்டி என்ன பெயர் என்று கேளுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் அது மூன்றாம் வகை.

முதல் இரண்டு வகைகளையும் தனித்தனி வரியில் காட்டுங்கள், ஒன்றாகச் சேர்க்காதீர்கள். நான் மேலே சொன்ன ஏழும் முதல் வகை. பதிவு போடும் அன்றே வகையைத் தாளில் குறித்துவிடுவது நல்லது. பருவ முடிவில் நூறு படங்களைத் திரும்பப் பார்த்துப் பிரிக்க உட்கார்ந்தால், ரீச் அதிகம் வந்த படத்தில் லோகோ தெளிவாகத் தெரிவதாக நம் கண்ணுக்கே தோன்ற ஆரம்பித்துவிடும்.

எங்கள் பதிவால் அவர்களுக்கு விற்பனை நடந்ததா என்று கேட்கிறார்கள். அதை எப்படிக் காட்டுவது?

விற்பனை ஸ்பான்சரின் கையில் இருக்கும் கணக்கு. நீங்கள் காட்டக்கூடியது, உங்களிடமிருந்து எத்தனை பேர் அவர்கள் வாசலுக்குப் போனார்கள் என்பது. அதற்கு ஸ்பான்சரின் இணையதள முகவரியை அப்படியே கொடுக்காமல், வந்த வழியைக் குறிக்கும் சொற்களைப் பின்னால் சேர்த்துக் கொடுங்கள்:

```
https://example.com/?utm_source=instagram&utm_medium=social&utm_campaign=club_season
```

இந்த மூன்று குறிகளும் ஸ்பான்சரின் கூகுள் அனலிட்டிக்ஸில் அப்படியே தெரியும். எழுத்துகளை எப்போதும் சிறிய எழுத்தாகவே வையுங்கள். ஒருமுறை Instagram, இன்னொரு முறை instagram என்று எழுதினால் அது இரண்டு வழிகளாகப் பிரித்துவிடும். இணைப்பைக் கிளிக் செய்யும் பழக்கமில்லாதவர்களுக்காக, கிளப்புக்கென்றே ஒரு தள்ளுபடிக் குறியீடும் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் பக்கம் 140 கிளிக் என்று காட்டும்போது ஸ்பான்சரின் பக்கம் 104 வருகை என்று காட்டலாம். யாரும் பொய் சொல்லவில்லை. பக்கம் திறப்பதற்குள் சிலர் மூடிவிடுகிறார்கள், சிலர் கண்காணிப்புக்கு அனுமதி மறுக்கிறார்கள். இரண்டு எண்களையும் போட்டு, முடிவு எடுக்க 104-ஐப் பயன்படுத்துங்கள். குறியீட்டை 9 பேர் பயன்படுத்தியிருந்தால் 9 என்றே எழுதுங்கள். இந்தச் சிறிய எண்ணைத்தான் ஸ்பான்சர் தன் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும்.

இந்த ரீச்சுக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் இவ்வளவு பணம் ஆகியிருக்கும் என்று ஒரு மதிப்புப் போடலாமா?

வேண்டாம். தகவல்தொடர்பை அளவிடும் துறையினர் 2010-ல் வகுத்த பார்சிலோனா கோட்பாடுகளே, விளம்பரச் செலவுக்கு இணையான தொகையைத் தகவல்தொடர்பின் மதிப்பாகக் கொள்ளக் கூடாது என்கின்றன. அந்தத் தொகை ஒரு விலைப்பட்டியலைப் பெருக்கி வருவது, பார்த்தவரிடம் என்ன மாறியது என்பதை அது சொல்வதில்லை. எந்த விலையை எடுத்துப் பெருக்குகிறோமோ அதற்கேற்ப விடையும் ஆடும்.

ஸ்பான்சரே வற்புறுத்திக் கேட்டால், அவர்களுடைய விளம்பரங்களுக்கு ஆயிரம் காட்சிக்கு அவர்கள் உண்மையில் கொடுக்கும் தொகையைக் கேட்டு வாங்கி, முதல் வகைப் பதிவுகளின் வியூஸை மட்டும் ஆயிரத்தால் வகுத்து அதோடு பெருக்கிக் கொடுங்கள். விலை அவர்களுடையது, வியூஸ் நம்முடையது என்று எழுத்தில் குறித்துவிடுங்கள்.

பணம் கட்டி பூஸ்ட் செய்த பதிவுகளையும் வளர்ச்சியில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், தனி வரியில். இயல்பாக எட்டியது எவ்வளவு, பணத்தால் எட்டியது எவ்வளவு என்று தளமே பிரித்துக் காட்டும். இரண்டையும் கூட்டினால் தளம் சொல்லும் மொத்தத்தைவிட அதிகமாக வரலாம், இரண்டு வழியிலும் பார்த்த கணக்குகள் இருப்பதே காரணம். மேலே சொன்ன இடைநிலைக் கணக்கில் பூஸ்ட் செய்த பதிவின் இயல்பான ரீச்சை மட்டும் எடுங்கள். பூஸ்ட்டுக்கான பணம் ஸ்பான்சருடையதாக இருந்தால் செலவையும் அதே வரியில் எழுதுங்கள்.

நாங்கள் ஒன்றும் செய்யாமலே வியூஸ் திடீரென்று ஏறிவிட்டது. நல்லதுதானே?

அளவுகோல் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யூடியூப் ஷார்ட்ஸில் 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓடத் தொடங்கினாலே, மறுபடி ஓடினாலும், ஒரு வியூ என்று எண்ணுகிறார்கள். அதற்கு முன் ஒரு குறைந்தபட்ச நேரம் பார்த்தால்தான் எண்ணினார்கள். அந்தப் பழைய கணக்கு இன்னும் அனலிட்டிக்ஸில் தனியாகக் கிடைக்கிறது. இன்ஸ்டாகிராமும் 2024-ல் எல்லா வகைப் பதிவுக்கும் வியூஸை முதன்மை அளவாக ஆக்கியது.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் எண்களை ஒரே கோட்டில் வரையாதீர்கள். வரைபடத்தில் அந்தத் தேதியில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அளவிடும் முறை இங்கே மாறியது என்று எழுதுங்கள். பழைய முறை எண் கிடைக்கும் இடத்தில் அதையே தொடருங்கள்.

இந்தப் பருவம் எண்கள் குறைந்துவிட்டன. அறிக்கையில் எப்படிச் சொல்வது?

முதல் பக்கத்திலேயே, காரணத்தோடு. ஆட்டங்கள் குறைந்தால் பதிவுகள் குறையும், பதிவுகள் குறைந்தால் மொத்த வியூஸ் குறையும். அப்போது ஒரு பதிவின் இடைநிலை ரீச்சைப் பாருங்கள். அது அப்படியே இருந்தால் பார்ப்பவர்கள் போகவில்லை, நாம்தான் குறைவாகப் போட்டிருக்கிறோம். அதுவும் இறங்கியிருந்தால் சிக்கல் உள்ளடக்கத்தில் இருக்கலாம், அல்லது தளம் காட்டும் விதத்தில் இருக்கலாம். பருவத்தோடு பருவத்தை ஒப்பிடுங்கள். ஆட்டம் நடக்கும் மாதத்தை ஓய்வு மாதத்தோடு ஒப்பிட்டால் கிடைக்கும் ஏற்ற இறக்கம் ஆட்ட அட்டவணையைத்தான் காட்டும்.

முன்பு யாரோ வாங்கிச் சேர்த்த போலி ஃபாலோயர்களைத் தளம் நீக்கியதால் எண் குறைந்திருந்தாலும் அதையே சொல்லுங்கள். ஓரிரு நாளில் செங்குத்தாக விழுந்து, ரீச் கொஞ்சமும் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கிறது.

அறிக்கை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? ஒரு மாதிரி கொடுங்கள்.

ஸ்பான்சர் படிக்க ஒரு பக்கம், சரிபார்க்க ஒரு தாள். அந்த ஒரு பக்கம் நம் கிளப்புக்கு இப்படி வரும்:

> பருவத்தில் உங்கள் பெயர் சொல்லி 7 பதிவுகள் வெளியாயின. ஒரு பதிவு வழக்கமாக 1,800 கணக்குகளை எட்டியது (இடைநிலை, ஏழாம் நாள் எண்). ஒரு வீடியோ 61,000-ஐ எட்டியது. எங்கள் இணைப்பில் 140 கிளிக், அதன் வழியாக உங்கள் தளத்துக்கு 104 வருகைகள், குறியீட்டுப் பயன்பாடு 9. ஃபாலோயர்கள் 4,200-லிருந்து 4,850 (வந்தவர்கள் 910, விலகியவர்கள் 260). உள்ளூர் ஃபாலோயர்கள் ஏறத்தாழ 2,940-லிருந்து 3,007. உள்ளூர் வளர்ச்சி குறைவு, அடுத்த பருவத்தில் இதைத்தான் முதலில் கவனிக்கிறோம்.

இதற்குக் கீழே இரண்டு பதிவுகளின் படமும், ரசிகர்கள் ஸ்பான்சரைப் பற்றி எழுதிய ஓரிரு கமெண்டும் போதும். எக்செல் தாளையும் தேதியிட்ட ஸ்கிரீன்ஷாட்டுகளையும் இணைப்பாக அனுப்புங்கள்.

எண்களை நேரடியாகப் பார்க்க வேண்டும், பாஸ்வேர்டு கொடுங்கள் என்கிறார் ஸ்பான்சர். கொடுக்கலாமா?

பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். ஸ்பான்சருக்காகப் போடும் பதிவில் கட்டணக் கூட்டாண்மை அடையாளத்தை வைத்து அவர்கள் கணக்கைக் கூட்டாளியாகச் சேர்த்தால், இன்ஸ்டாகிராமில் அந்தப் பதிவின் இன்சைட்ஸ் அவர்களுக்கே நேராகத் தெரியும். பணமோ பொருளோ வாங்கிப் போடும் பதிவுக்கு அந்த அடையாளத்தை வைக்க வேண்டும் என்பது தளத்தின் விதியும்கூட. மற்ற பதிவுகளை அவர்கள் பார்க்க விரும்பினால் ஒரு வீடியோ அழைப்பில் உங்கள் திரையைப் பகிர்ந்து, தாளிலிருந்து அவர்கள் சொல்லும் இரண்டு மூன்று வரிகளை எடுத்து, இன்சைட்ஸில் திறந்து காட்டுங்கள். ஏழாம் நாளுக்குப் பிறகு சேர்ந்த பார்வைகளால் திரையில் எண் சற்றுக் கூடுதலாக இருக்கும், அழைப்பு தொடங்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.